கொத்தாகப் போகும் மன்னிப்புச் செய்திகளை அனுப்பும் முன் சரிபார்ப்பது எப்படி? உணவுக் கடைகளில் வாடிக்கையாளர் சேவை பார்ப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

தீபாவளிக்கு விற்ற இனிப்புப் பெட்டிகளில் ஒரு தயாரிப்புத் தொகுதி மீது புகார் வருகிறது. முதலில் பத்துப் பேர், மாலைக்குள் நூறு பேர். சேவைப் பிரிவில் இருக்கும் பிள்ளைகள் ஆளுக்கொரு விதமாகப் பதில் எழுதி ஒரு ஷீட்டில் போட்டு வைக்கிறார்கள். "அனுப்புறதுக்கு முன்னாடி ஒரு தடவை பார்த்துடுங்க, சட்டச் சிக்கல் எதுவும் வரக்கூடாது" என்று முதலாளி அந்த ஷீட்டை உங்களிடம் தள்ளுகிறார். நீங்கள் வழக்கறிஞர் இல்லை. எதைப் பார்க்க வேண்டும் என்றும் யாரும் சொல்லித் தரவில்லை.

அந்த இடத்தில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். இணையத்தில் தேடினால் கிடைப்பதெல்லாம் வெளிநாட்டு மாதிரிகள். வழக்கறிஞரிடம் கேட்டால் "எதுவும் எழுதாதீங்க" என்பார். விற்பனைப் பிரிவோ "நல்லா மனசு விட்டு மன்னிப்புக் கேளுங்க" என்று சொல்லும். இரண்டுக்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது. மன்னிப்பை எவ்வளவு வேண்டுமானாலும் கேட்கலாம். காரணம் என்ன, தவறு யாருடையது, எவ்வளவு பணம் தருவோம் என்ற மூன்றையும் மட்டும், தெரியாமலும் அதிகாரம் இல்லாமலும் எழுதக் கூடாது. இங்கே சொல்வதெல்லாம் இந்தியச் சட்டத்தை வைத்துத்தான். நடந்த விஷயத்தை மறைப்பதற்கான வழி எதுவும் இதில் இல்லை.

1. முதலில் அனுப்புவதை நிறுத்துங்கள், எச்சரிக்கையை மட்டும் நிறுத்தாதீர்கள்

தனித்தனிப் பதில்கள் போவதை உடனே நிறுத்தச் சொல்லுங்கள். வாட்ஸ்அப், மின்னஞ்சல், இன்ஸ்டாகிராம் பக்கம், கடையின் கூகுள் விமர்சனங்களுக்குப் போடும் பதில், கிளைகளில் இருப்பவர்கள் தங்கள் சொந்த எண்ணிலிருந்து அனுப்புவது என்று எல்லா வழியும் இதில் அடக்கம். அந்தக் கடைசி வழிதான் பெரும்பாலும் விட்டுப்போகும். கிளை மேலாளர் தெரிந்த வாடிக்கையாளருக்கு அனுப்பிய ஒரு குரல் பதிவும் நிறுவனம் சொன்னதாகவே எடுத்துக்கொள்ளப்படலாம். நிறுவனத்தின் சார்பில் பேச வெளிப்படையாகவோ மறைமுகமாகவோ அதிகாரம் பெற்றவர் என்று நீதிமன்றம் கருதும் ஆள் சொன்னது நிறுவனத்தையே சேரும் என்று பாரதிய சாட்சிய அதினியத்தின் 16-ஆவது பிரிவு சொல்கிறது. 2024 ஜூலை 1 முதல் பழைய இந்தியச் சாட்சியச் சட்டத்தின் இடத்தில் இருப்பது இந்தச் சட்டம்தான்.

ஆனால் "இந்தத் தொகுதி எண் உள்ள பெட்டியைச் சாப்பிட வேண்டாம்" என்ற அறிவிப்பை உங்கள் சரிபார்ப்புக்காகக் காக்க வைக்காதீர்கள். அதை மன்னிப்பிலிருந்து பிரித்து, இரண்டு மூன்று வரியில் தனிச் செய்தியாக உடனே அனுப்புங்கள்: எந்தப் பொருள், எந்தத் தொகுதி எண், என்ன செய்ய வேண்டும், யாரை அழைக்க வேண்டும். எதனால் ஆனது, தவறு யாருடையது என்ற ஊகம் அதில் வேண்டாம். உணவு சட்டத் தரத்துக்கு மாறாக இருக்கலாம் என்று நம்பக் காரணம் இருந்தால், அதைச் சந்தையிலிருந்து திரும்பப் பெறும் வேலையை உடனே தொடங்கி அதிகாரிகளுக்கும் தெரிவிக்க வேண்டும் என்பது 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிலைச் சட்டம் கடை நடத்துபவர் மேல் வைத்திருக்கும் கடமை. பொறுப்பை ஒப்புக்கொண்டதாகிவிடுமோ என்ற பயத்தில் எச்சரிக்கையைத் தாமதித்து, அதற்குள் இன்னொரு குழந்தை சாப்பிட்டுவிட்டால், அந்தத் தாமதமே எல்லாவற்றையும் விடப் பெரிய குற்றச்சாட்டாக நிற்கும்.

2. மேசையில் இருக்க வேண்டிய தாள்கள்

செய்திகளைப் படிக்க ஆரம்பிப்பதற்கு முன் நான்கு ஆவணங்களைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள்.

முதலாவது, காப்பீட்டுப் பாலிசி. நம் கடையாலோ பொருளாலோ மற்றவருக்குப் பாதிப்பு வந்தால் ஈடு தரும் பொதுப் பொறுப்பு அல்லது பொருள் பொறுப்புக் காப்பீடு இருக்கிறதா என்று கணக்குப் பிரிவில் கேளுங்கள். இருந்தால் அட்டையோடு நிற்காமல் உள்ளே "நிபந்தனைகள்" பகுதியைத் திறந்து படியுங்கள். காப்பீட்டு நிறுவனத்தின் எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமல் பொறுப்பை ஒப்புக்கொள்ளவோ, பணம் தருவதாகச் சொல்லவோ, வாக்குறுதி கொடுக்கவோ கூடாது என்ற நிபந்தனை இந்த வகைப் பாலிசிகளில் வழக்கமாக இருக்கும். மன்னிப்புச் செய்தியில் தவறி விழும் ஒரு வரி நீதிமன்றத்தில் எவ்வளவு கெடுதல் செய்யும் என்பது வாதத்துக்கு உரியது. அதே வரியைக் காட்டிக் காப்பீட்டு நிறுவனம் பணம் தர மறுத்தால் அடி உடனே விழும். ஆகவே புகார் வந்த அன்றே அவர்களுக்குத் தகவல் போயிருக்கிறதா என்றும் உறுதி செய்யுங்கள்.

இரண்டாவது, அந்தத் தொகுதியின் தயாரிப்புப் பதிவேடு: எப்போது செய்தது, எத்தனை பெட்டி, எந்தெந்தக் கிளைக்குப் போனது. மூன்றாவது, ஆய்வக அறிக்கை. இன்னும் வரவில்லை என்றால் மாதிரி எப்போது கொடுக்கப்பட்டது என்ற ரசீதாவது வேண்டும். ஏனென்றால் செய்தியில் எதை "தெரியும்" என்று எழுதலாம், எதை எழுதக் கூடாது என்பதை இந்த இரண்டு தாள்களும்தான் முடிவு செய்யும். நான்காவது, உங்கள் இணையதளத்தில் போட்டிருக்கும் பணம் திருப்பித் தரும் விதிகள். செய்தியில் அதைவிடக் குறைவாகச் சொல்லிவிட்டால் அது தனிப் புகாராக மாறும்.

3. கடிகாரத்தைப் பாருங்கள்

"எல்லாம் தெளிவாகத் தெரிந்த பிறகு பதில் போடலாம்" என்று சிலர் சொல்வார்கள். இணையவழி விற்பனை இருந்தால் அதற்கு இடமில்லை. 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, புகார் கிடைத்தது என்று 48 மணி நேரத்துக்குள் பதில் அனுப்ப வேண்டும், ஒரு மாதத்துக்குள் குறையைத் தீர்க்க வேண்டும்.

இதில் ஒரு வசதியும் இருக்கிறது. 48 மணி நேரத்துக்குள் போக வேண்டியது "உங்கள் புகார் வந்து சேர்ந்தது" என்ற பதில் மட்டும்தான். அதை எண், தேதி, பேச வேண்டிய ஆளின் பெயர் ஆகியவற்றோடு முதலில் அனுப்பிவிட்டால், மன்னிப்பும் பணமும் பேசும் இரண்டாவது செய்தியைச் சரிபார்க்க உங்களுக்கு நேரம் கிடைக்கிறது. இரண்டையும் ஒரே செய்தியில் அடைக்கப் போகும்போதுதான் அவசரத்தில் காரணங்கள் உள்ளே நுழைகின்றன.

4. மூன்று குவியலாகப் பிரியுங்கள்

ஷீட்டில் ஒரு புதிய நெடுவரிசை சேர்த்து ஒவ்வொரு புகாரையும் இப்படிக் குறியுங்கள்: தரம், உடல்நலம், சட்டம்.

"இனிப்பு புளித்த வாடை அடித்தது", "பெட்டி நசுங்கி வந்தது" என்பவை தரம். யாருக்காவது வாந்தி, வயிற்றுப்போக்கு, ஒவ்வாமை, மருத்துவமனை என்று ஒரு சொல் இருந்தாலும் அது உடல்நலம். வழக்கறிஞர் அறிவிப்பு, நுகர்வோர் ஆணையம், உணவுப் பாதுகாப்பு அலுவலர், பத்திரிகை என்று வந்தால் சட்டம்.

முதல் குவியலுக்கு ஒரே மாதிரிப் பதில் போதும். பெரும்பாலான செய்திகள் அதில்தான் விழும். மூன்றாவது குவியலில் நீங்கள் எதுவும் எழுத வேண்டாம், அப்படியே வழக்கறிஞருக்குப் போகட்டும். நடுவில் இருக்கும் உடல்நலக் குவியல்தான் உங்கள் வேலை. உணவால் காயமோ மரணமோ நேர்ந்தால் என்ன இழப்பீடு என்பதை உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 65-ஆவது பிரிவே சொல்கிறது. மரணத்துக்குக் குறைந்தது 5 லட்சம், கடுமையான பாதிப்புக்கு 3 லட்சம் வரை, மற்ற பாதிப்புகளுக்கு 1 லட்சம் வரை. 650 ரூபாய் பெட்டி பற்றிய பதில் என்று நினைத்துக்கொண்டு இந்தக் குவியலைப் படிக்காதீர்கள்.

5. உடல்நலக் குவியலை வரி வரியாகப் படிப்பது

ஒப்புதல் என்றால் "ஆமாம், நாங்கள்தான் பொறுப்பு" என்று வெளிப்படையாக எழுதுவது மட்டும்தான் என்று நிறைய பேர் நினைக்கிறார்கள். சட்டம் வரையறுப்பது அதைவிட அகலமானது. வழக்கில் பேசப்படும் ஒரு விஷயத்தைப் பற்றி ஏதாவது அனுமானத்துக்கு இடம் கொடுக்கும் கூற்று எதுவானாலும், வாயால் சொன்னதோ எழுதியதோ மின்னணு வடிவில் இருப்பதோ, அது ஒப்புதலாகலாம் என்கிறது அந்தப் புதிய சாட்சியச் சட்டத்தின் 15-ஆவது பிரிவு. ஒப்புதல் இறுதிச் சான்று இல்லை, அது தவறு என்று பிறகு காட்ட வழி உண்டு. ஆனாலும் அதைக் காட்டும் சுமை உங்கள் தலையில் ஏறிவிடும். நுகர்வோர் ஆணையத்தில் விசாரணை பெரும்பாலும் பிரமாணப் பத்திரத்தையும் இணைத்த ஆவணங்களையும் வைத்தே நடப்பதால், உங்கள் வாட்ஸ்அப் செய்தியின் அச்சுப்பிரதி அங்கே முதல் இணைப்பாக உட்கார்ந்திருக்கும்.

நல்ல மனதோடு எழுதப்பட்ட ஒரு வரைவை எடுத்துக்கொள்வோம். புகார் கொடுத்தவர் ஒரு தாய். பால்கோவா சாப்பிட்ட மகனுக்கு இரவு வாந்தி, மறுநாள் மருத்துவரிடம் போனார்கள்.

> வணக்கம் அம்மா. எங்கள் கவனக்குறைவால் உங்களுக்கு வந்த பால்கோவா கெட்டுப்போயிருந்தது. அதைச் சாப்பிட்டு உங்கள் மகனுக்கு உடம்பு சரியில்லாமல் போனதற்கு மிகவும் வருந்துகிறோம். டெலிவரி வண்டியில் குளிரூட்டி வேலை செய்யவில்லை என்று தெரிகிறது. உங்களைப் போலவே பலர் சொல்லியிருக்கிறார்கள். மருத்துவச் செலவு முழுவதையும் நாங்கள் ஏற்கிறோம். இனி இப்படி நடக்காதபடி வண்டியை மாற்றிவிட்டோம்.

எழுதிய பிள்ளைக்கு நல்ல மனது. ஆனால் ஒவ்வொரு வரியிலும் ஏதோ ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கிறது.

"எங்கள் கவனக்குறைவால்" என்பது சட்டத்தில் பொருள் உள்ள சொல். வழக்கு போட்டவர் நிரூபிக்க வேண்டிய விஷயத்தை நீங்களே எழுதிக் கொடுத்தது போலாகும். "கெட்டுப்போயிருந்தது" என்பதை நீங்கள் பார்க்கவில்லை. ஆய்வக அறிக்கை வரவில்லை. அவர் சொன்னது மட்டும்தான் உங்களிடம் இருக்கிறது.

மூன்றாவது வரிதான் சரிபார்ப்பவர் கண்ணிலிருந்து எளிதாகத் தப்பும். பார்ப்பதற்கு வெறும் வருத்தம். ஆனால் "அதைச் சாப்பிட்டு" என்ற இரண்டு சொற்கள் நோய்க்குக் காரணம் நம் இனிப்பு என்று சொல்லிவிடுகின்றன. "உங்கள் மகனுக்கு உடம்பு சரியில்லை என்று கேட்டு வருந்துகிறோம்" என்றால் வருத்தம் அப்படியே இருக்கும், காரணம் மட்டும் உதிர்ந்துவிடும். தமிழில் வினைச்சொல்லின் சில வடிவங்கள் இப்படிச் சத்தமில்லாமல் காரணத்தைச் சுமந்து வரும்: "சாப்பிட்டு", "வாங்கியதால்", "தாமதமாக வந்ததில்". உடல்நலக் குவியலில் இவற்றைத் தேடித் தேடிப் படியுங்கள்.

குளிரூட்டி பற்றிய வரி, ஓட்டுநர் தொலைபேசியில் சொன்னதாக இருக்கலாம். உறுதியாகாத ஒன்று வாடிக்கையாளரிடம் "தெரிகிறது" என்று போய்விட்டால், நாளை காரணம் வேறு என்று தெரிந்தாலும் இரண்டு கதை சொன்னவர்களாகிவிடுவீர்கள். அந்த வண்டி வேறொரு நிறுவனத்தின் ஒப்பந்த வண்டி என்றால், ஆதாரம் இல்லாமல் அவர்கள் மேல் பழி போட்டதாகவும் ஆகும். "பலர் சொல்லியிருக்கிறார்கள்" என்பது மற்ற வாடிக்கையாளர்களின் விஷயத்தை இவரிடம் சொல்வது, தேவையில்லை.

"முழுவதையும் ஏற்கிறோம்" என்பதற்கு உச்சவரம்பு இல்லை. ஒரு மருந்துச் சீட்டு என்று நினைத்து எழுதியிருப்பார்கள், வரும் ரசீது ஒரு வாரம் மருத்துவமனையில் தங்கியதாக இருக்கலாம். காப்பீட்டு நிறுவனத்தின் சம்மதம் இல்லாமல் எழுதக் கூடாத வரியும் இதுதான். "வண்டியை மாற்றிவிட்டோம்" என்பதிலிருந்து முன்பு இருந்த வண்டி சரியில்லை என்று யாரும் அனுமானிக்கலாம். மாற்றியது உண்மை என்றால் அதைச் சொல்ல வேறு நேரம் வரும்.

சரிசெய்த பிறகு இப்படி வரும்:

> வணக்கம் அம்மா. உங்கள் மகனுக்கு உடம்பு சரியில்லை என்று கேட்டு மிகவும் வருந்துகிறோம். இப்போது எப்படி இருக்கிறார்? நீங்கள் சொன்ன எல்லாவற்றையும் பதிவு செய்திருக்கிறோம். பெட்டியில் மீதம் இருந்தால் யாரும் சாப்பிட வேண்டாம். தூக்கிப் போடாமல் மூடி ஃப்ரிட்ஜில் தனியாக வையுங்கள். நீங்கள் சம்மதித்தால் எங்கள் ஆள் வந்து உங்கள் முன்னிலையில் ஒரு பகுதியை மட்டும் சீல் வைத்து எடுத்துக்கொள்வார், மீதி உங்களிடமே இருக்கட்டும். என்ன நடந்தது என்று சோதித்துக்கொண்டிருக்கிறோம், முடிவு வந்ததும் உங்களுக்கே நேரடியாகச் சொல்வோம். பெட்டிக்குக் கொடுத்த 650 ரூபாயை இன்று திருப்பி அனுப்புகிறோம், அதைப் பெற்றுக்கொள்வதால் உங்கள் உரிமை எதுவும் குறையாது. மருத்துவரிடம் போன சீட்டும் ரசீதும் இருந்தால் பத்திரமாக வைத்திருங்கள், அதைப் பற்றிப் பேச எங்கள் மேலாளர் இன்று மாலை அழைப்பார்.

இந்தச் செய்தி முதலாவதைவிட நீளம், ஆனால் அன்பு குறையவில்லை. தாய்க்கு உண்மையில் வேண்டியது எல்லாம் இதில் இருக்கிறது: அக்கறை, என்ன செய்ய வேண்டும், பணம், பேச ஓர் ஆள். மாதிரியில் ஒரு பகுதியை அவரிடமே விட்டுவைப்பதில் நான் கண்டிப்பாக இருப்பேன். முழுவதையும் வாங்கிக்கொண்டு போனால் ஆதாரத்தை எடுத்துப் போனதாகத்தான் அவர் நினைப்பார், அப்படி நினைப்பதில் தப்பே இல்லை.

எதிர்ப்பக்கத்துக் குழிகள் இரண்டு. ஒன்று, பயத்தில் "எங்கள் தயாரிப்பில் எந்தக் குறையும் இல்லை" என்று எழுதுவது. சோதனைக்கு முன் அதுவும் தெரியாத விஷயம்தான், பிறகு அறிக்கை வேறு மாதிரி வந்தால் பொய் சொன்னதாகும். இன்னொன்று, "ஏதேனும் அசௌகரியம் ஏற்பட்டிருந்தால் வருந்துகிறோம்" என்ற அலுவலகத் தமிழ். வாந்தி எடுத்த குழந்தையின் அம்மாவிடம் "இருந்தால்" போட்டுப் பேசுவது அவமானம், சட்டத்துக்கும் அது தேவையில்லை. குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்று அவர் சொன்னார், அதற்கு வருந்துகிறீர்கள். இதில் நீங்கள் ஒப்புக்கொண்டது எதுவும் இல்லை.

குளிரூட்டி பழுது என்று பதிவேட்டிலேயே உறுதியாகத் தெரிந்துவிட்டால்? அப்போது ஒப்புக்கொள்வது தவறே இல்லை, பல நேரம் அதுதான் நியாயமும். ஆனால் அது முதலாளியும் வழக்கறிஞரும் காப்பீட்டு நிறுவனமும் தெரிந்தே எடுத்து, பொறுப்புள்ள ஒருவர் கையெழுத்திடும் கடிதமாகப் போக வேண்டும். சேவைப் பிரிவின் ஷீட்டில் நாற்பத்தேழாவது வரிசையில் தற்செயலாகப் போகக் கூடாது.

6. ஷீட்டில் தேடும் முறை

தேடல் பெட்டியில் "தவறு" என்று முழுச் சொல்லைப் போட்டால் "தவற்றை", "தவறான" எல்லாம் விட்டுப்போகும். சொல்லின் வேரை மட்டும் போடுங்கள். ஆங்கில எழுத்தில் தமிழ் எழுதும் பிள்ளைகள் இருப்பார்கள், அதையும் சேர்க்க வேண்டும். கூகுள் ஷீட்டில் செய்தி C நெடுவரிசையில் இருந்தால் பக்கத்தில் இதைப் போட்டு இழுத்துவிடுங்கள்:

```
=REGEXMATCH(C2, "(?i)தவற|தப்ப|கவனக்குற|அலட்சிய|றுப்ப|முழுவத|இனிமேல்|thapp|thavar|mistake|fault")
```

"பொறுப்பு" என்பதற்கு "றுப்ப" என்று மட்டும் போட்டிருப்பதற்குக் காரணம் உண்டு. "பொ" என்ற எழுத்தைச் சில விசைப்பலகைகள் ஒற்றைக் குறியாகவும் சில இரண்டு குறிகளாகவும் பதிவு செய்கின்றன. பார்க்க ஒன்றாகத் தெரியும், தேடலில் ஒத்துப்போகாது.

TRUE வரும் வரிசைகளை முதலில் படியுங்கள். "தவறாமல் அழைக்கிறோம்" போன்றவையும் மாட்டும், பரவாயில்லை. ஆனால் FALSE வந்த உடல்நலச் செய்திகளையும் கண்ணால் படித்தே ஆக வேண்டும். "அதைச் சாப்பிட்டு" எந்தப் பட்டியலிலும் மாட்டாது. தரக் குவியலில் ஒரே மாதிரிப் பதில் போவதால் அந்த மாதிரியையும், ஆங்காங்கே கையால் சேர்த்த வரிகளையும் பார்த்தால் போதும்.

கடைசியாக எல்லாவற்றையும் சேர்த்து ஒரு முறை ஓட்டுங்கள். தனித்தனியாகச் சரியாக இருக்கும் இரண்டு செய்திகள் ஒன்றோடொன்று மோதலாம். ஒருவருக்கு 21-ஆம் தேதித் தொகுதி, இன்னொருவருக்கு 22 என்று போயிருக்கும். அவர்கள் இருவரும் ஒரே அடுக்குமாடிக் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் இருப்பார்கள். பெயர் வர வேண்டிய இடத்தில் முந்தைய ஆளின் பெயர் நிற்கிறதா என்றும் அப்போதே பாருங்கள்.

7. உங்கள் குறிப்புகளும் ஆவணம்தான்

சரிபார்க்கும்போது ஓரத்தில் கருத்துப் போடுவோம். "இது நம்ம தப்புதான், ஆனா எழுதாதே" என்று ஒரு கருத்து போட்டால், நீங்கள் நீக்கிய எல்லா வரிகளையும் விட அது மோசம். செய்தியில் வருத்தம், ஷீட்டில் மறைப்பு என்று ஆகிவிடும். கருத்தில் காரணத்தை மட்டும் எழுதுங்கள்: "அறிக்கை வரவில்லை, உறுதி இல்லை", "தொகைக்கு அனுமதி வாங்கவில்லை". வழக்கறிஞரிடம் சட்ட ஆலோசனைக்காகச் சொல்வதற்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. உங்களுக்குள் குழுவில் பேசிக்கொள்வதற்கு அது கிடையாது. பழைய வரைவுகளை அழிக்கவும் வேண்டாம், குறிப்பாக வழக்கறிஞர் அறிவிப்பு வந்த பிறகு.

8. இணையத்தில் கிடைக்கும் இரண்டு தவறான துணைகள்

முதலாவது, வெளிநாட்டு மாதிரிக் கடிதங்கள். இங்கிலாந்தில் 2006-ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டம், மன்னிப்புக் கேட்பது மட்டுமே அலட்சியத்தை ஒப்புக்கொண்டதாகாது என்கிறது. ஹாங்காங்கில் 2017-இல் மன்னிப்புக்கென்றே தனிச் சட்டம் வந்தது. கனடாவின் பல மாகாணங்களிலும் இப்படி உண்டு. அந்தப் பாதுகாப்பை நம்பி எழுதிய மாதிரிகளில் "இது எங்கள் தவறு" என்று தாராளமாக இருக்கும். இந்தியாவில் அப்படிப் பொதுவான ஒரு சட்டம் இல்லை, ஆகவே அவற்றை அப்படியே தமிழாக்கி அனுப்பாதீர்கள்.

இரண்டாவது, "எங்கள் உரிமைக்குப் பாதகம் இல்லாமல்" என்ற பொருளில் செய்தியின் மேலே "வித்தவுட் பிரெஜுடிஸ்" என்று போட்டால் எல்லாம் பாதுகாப்பு என்ற நம்பிக்கை. சிவில் வழக்கில், சாட்சியமாகக் காட்டக் கூடாது என்ற வெளிப்படையான நிபந்தனையோடு செய்த ஒப்புதலுக்குப் புதிய சாட்சியச் சட்டத்தின் 21-ஆவது பிரிவு பாதுகாப்புத் தருகிறது. வழக்கறிஞர்கள் சமரசம் பேசும் கடிதத்துக்கு அது பொருந்தும். நூறு பேருக்குப் போகும் வாட்ஸ்அப் மன்னிப்பில் அந்த முத்திரை எவ்வளவு நிற்கும் என்று நம்பியிருக்க முடியாது. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் குற்ற நடவடிக்கை வந்தால் சிவில் வழக்குக்கான அந்தப் பிரிவு துணைக்கு வராது. படிக்கும் அம்மாவுக்கோ அது மிரட்டல் போலத்தான் கேட்கும்.

9. வழக்கறிஞரிடம் எப்படிக் கொண்டுபோவது, செலவு என்ன

மொத்த ஷீட்டையும் கொடுத்து "பாருங்க" என்றால் செய்திக்கு இவ்வளவு என்று கணக்கு வரும், நேரமும் போகும். மூன்று தாள் மட்டும் கொண்டுபோங்கள்: தரக் குவியலின் மாதிரிப் பதில், உடல்நலக் குவியலின் மாதிரிப் பதில், காப்பீட்டு நிபந்தனைப் பக்கம். அதோடு, மாதிரியிலிருந்து விலகிப் போக வேண்டிய சில சிக்கலான செய்திகள். ஒரே ஆலோசனையில் முடியும், கட்டணத்தை முன்னாலேயே மொத்தமாகப் பேசிக்கொள்ளலாம். நுகர்வோர் வழக்குப் பார்ப்பவராக இருந்தால் நல்லது. நிலப் பத்திரம் பார்ப்பவர் "எதுவும் அனுப்பாதீங்க" என்பதோடு நின்றுவிடுவார்.

இந்தச் செலவைத் தவிர்க்கலாமே என்று முதலாளி கேட்டால் ஒரு கணக்கைக் காட்டுங்கள். 5 லட்சம் ரூபாய்க்குள் வாங்கிய பொருள் என்றால் நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கக் கட்டணமே கிடையாது. வாடிக்கையாளர் தானே போய் வாதாடலாம். வரவேண்டிய பணம் வராத நாள் அவருக்கு வழக்குப் போடத் தடை ஏதும் இல்லை. வழக்கு வந்தால் பதிலுரை தாக்கல் செய்ய உங்களுக்கு 30 நாள், கேட்டால் இன்னும் 15 நாள், அவ்வளவுதான்.

பணம் கொடுக்கும்போது சிலர் "இதன்பின் எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று எழுதி வாங்கச் சொல்வார்கள். தரக் குவியலில் அதற்கு அவசியமே இல்லை. உடல்நலக் குவியலில் 650 ரூபாயைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அப்படி ஒரு கையெழுத்து கேட்பதை நான் எதிர்ப்பேன். அது நியாயமும் இல்லை, நாளை வழக்கில் உங்களுக்கு நல்ல பெயரும் வாங்கித் தராது. பெரிய தொகைக்குச் சமரசம் என்றால் வழக்கறிஞர் முறையாக எழுதட்டும்.

10. அனுப்புவதும் வைத்திருப்பதும்

சரிபார்த்த வடிவத்தை ஷீட்டில் பூட்டிவிட்டு, அதிலிருந்தே வெட்டி ஒட்டச் சொல்லுங்கள். தட்டச்சு செய்ய விட்டால் மறுபடியும் "எங்கள் கவனக்குறைவு" முளைக்கும். தொலைபேசியில் பேசுபவர்களுக்கும் அதே வரிகளை ஒரு சீட்டில் எழுதிக் கொடுங்கள், ஏனென்றால் செய்திக்குப் பதிலாக வாடிக்கையாளர் அழைப்பார். "அப்போ உங்க தப்புதானே?" என்று கேட்பார். அதற்குப் பதில்: "அதைத்தான் சோதிச்சுட்டு இருக்கோம்மா, முடிவு வந்ததும் நானே கூப்பிட்டுச் சொல்றேன்." சொன்னால் அழைக்க வேண்டும். அதற்கு ஷீட்டில் ஒரு தேதிக் கட்டம் வையுங்கள்.

எந்தச் செய்தி, யாருக்கு, எப்போது, எந்த எண்ணிலிருந்து போனது என்று ஏற்றுமதி செய்து வைத்துக்கொள்ளுங்கள். மின்னணு ஆவணத்தை நீதிமன்றத்தில் காட்டச் சான்றிதழ் வேண்டும், அதில் எந்தச் சாதனத்திலிருந்து எடுத்தது என்ற விவரமும் கேட்கப்படும். சேவைப் பிரிவின் அலைபேசியை மாற்றும்போது பழையதை அழித்துவிடாமல் இருக்கவும் இதுதான் காரணம். நுகர்வோர் புகாருக்கான காலக்கெடு 2 ஆண்டு. தாமதத்துக்குத் தகுந்த காரணம் சொன்னால் ஆணையம் அதற்குப் பிறகும் ஏற்கலாம் என்பதால் 3 ஆண்டாவது வைத்திருங்கள். ஆய்வக அறிக்கை வந்த நாளில், உடல்நலக் குவியலை மறுபடி திறந்து, "முடிவு வந்ததும் சொல்வோம்" என்று யார் யாருக்கு எழுதினீர்களோ அவர்கள் எல்லோருக்கும் அந்த முடிவை வழக்கறிஞர் பார்த்த வடிவில் அனுப்புங்கள். நல்ல முடிவானாலும் கெட்ட முடிவானாலும்.